பழைய வாடிக்கையாளருக்குப் புதுப் பொருள்: வாட்ஸ்அப்பில் எப்படிச் சொல்வது, ஆர்டரை எப்படி வாங்குவது

வீட்டில் இட்லிப்பொடி, பருப்புப்பொடி, சாம்பார்ப்பொடி அரைத்து விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போனில் சுமார் 300 வாடிக்கையாளர்கள். பாதிப் பேர் மாதாமாதம் வாங்குபவர்கள், மீதிப் பேர் நினைத்தபோது வாங்குபவர்கள். இப்போது புளிக்காய்ச்சல் போட்டு 200 கிராம் பாட்டிலில் விற்கலாம் என்று நினைக்கிறார். இதை அந்த 300 பேருக்கும் எப்படிச் சொல்வது?

பெரும்பாலானவர்கள் பாட்டிலைப் போட்டோ எடுத்து, "எங்கள் புதிய தயாரிப்பு! ஆர்டருக்குத் தொடர்புகொள்ளவும்" என்று எழுதி எல்லாருக்கும் தட்டிவிடுவார்கள். பத்து பேர் கைகூப்பும் படம் போடுவார்கள், ஐந்து பேர் "விலை?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். பொருளில் குறை இருக்காது. அந்த மெசேஜைப் படித்தவருக்கு இது தன் வீட்டில் எதற்குப் பயன்படும் என்றும் தெரியாது, வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியாது. இந்த இரண்டையும் சரிசெய்வதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பொடிக்குப் பதில் நீங்கள் சுடிதார் விற்றாலும் வேலை ஏறக்குறைய இதேதான்.

எழுதுவதற்கு முன் அளந்துவிடுங்கள்

பயனைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அது உங்களுக்கே துல்லியமாகத் தெரிய வேண்டும். ஒரு பாட்டிலைத் திறந்து, வீட்டில் வழக்கமாக வடிக்கும் சாதத்தில் கிளறிப் பாருங்கள். ஒரு ஆளுக்கான சாதத்துக்கு எவ்வளவு போட்டால் புளிப்பும் உப்பும் சரியாக இருக்கிறது? நம் எடுத்துக்காட்டில் குவித்த ஒரு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 25 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 200 கிராம் பாட்டில் 8 பேருக்கு வரும். விலை 160 ரூபாய் என்றால் ஒரு ஆளுக்கு 20 ரூபாய். 160 ரூபாய் கொஞ்சம் அதிகமோ என்று தயங்குகிறவர், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 ரூபாய் என்றால் தயங்க மாட்டார்.

அடுத்தது, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பது. புளி, உப்பு, எண்ணெய் மூன்றும் சேர்ந்துதான் புளிக்காய்ச்சலைக் காப்பாற்றுகின்றன. தண்ணீர் சரியாக வற்றாமல் இறக்கினாலோ, வாங்கியவர் ஈரக் கரண்டி போட்டாலோ பூசணம் பிடிக்கும். ஆகவே இரண்டு பாட்டிலை விற்காமல் வைத்து, ஒன்றை வெளியிலும் ஒன்றை ஃப்ரிட்ஜிலும் விட்டு, வீட்டில் புழங்குவதுபோல் அன்றாடம் திறந்து மூடிப் பாருங்கள். எத்தனை நாள் தாங்கியதோ அதைவிடக் குறைத்துச் சொல்லுங்கள். லேபிளில் சேர்மானம், எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், விலை, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் எல்லாம் இருக்க வேண்டும். பொடிக்கு ஏற்கெனவே எண் வாங்கியிருந்தால் புதுப் பொருளின் வகையும் அதில் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு: ஒரு முறை அடுப்பேற்றினால் எத்தனை பாட்டில் வரும்? 40 என்றால் முதல் அறிவிப்பு 300 பேருக்குப் போகக் கூடாது. ஏன் என்று பின்னால் வருகிறது.

பயனை எங்கே தேடுவது

நீங்கள் பெருமைப்படும் விஷயமும் வாங்குபவருக்குத் தேவையான விஷயமும் பல நேரம் வேறு வேறு. செய்பவர் மனத்தில் என்ன இருக்கும்? பழைய புளி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், வெந்தயத்தைத் தனியாக வறுத்துப் பொடித்தது, மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்றது. எல்லாம் உண்மைதான். ஆனால் காலை ஏழரைக்கு ஸ்கூல் வேன் வந்து நிற்கும் வீட்டில் இது எதுவும் காதில் ஏறாது.

ஒவ்வொரு சிறப்பையும் எழுதி, பக்கத்தில் வாடிக்கையாளர் "சரி, அதனால எனக்கென்ன?" என்று கேட்பதாக நினைத்துப் பதில் எழுதுங்கள். தாளிப்பும் பொடியும் எண்ணெயும் சேர்த்தே செய்திருக்கிறோம். அதனால் என்ன? காலையில் தாளிக்க வேண்டாம், சாதம் வடித்தால் போதும். வெங்காயம் பூண்டு சேர்க்கவில்லை. அதனால் என்ன? புரட்டாசி சனிக்கிழமையும் விரத நாளிலும் யோசிக்காமல் எடுக்கலாம். எண்ணெய் மேலே நிற்கும்படி வற்றக் காய்ச்சியிருக்கிறோம். அதனால் என்ன? ஊருக்குப் போகும்போது கொண்டுபோகலாம், ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். இந்த வேலையில் சில சிறப்புகளுக்குப் பதிலே வராது. "பாரம்பரிய முறையில் தயாரித்தது" என்று எழுதி, அதனால் எனக்கென்ன என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராததை மெசேஜில் சேர்க்காதீர்கள்.

இதைவிட நல்ல இடம் உங்கள் பழைய சாட். வாட்ஸ்அப் தேடலில் "லஞ்ச்", "சாதத்துக்கு", "ஊருக்கு", "வேற என்ன" என்று போட்டுப் பாருங்கள், ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்களுக்காக lunch, saadham, vera enna என்றும் தேடுங்கள். "பையனுக்கு லஞ்ச்சுக்கு ஏதாவது இருந்தா சொல்லுங்க", "இட்லிப்பொடி சாதத்துக்கு நல்லா இருக்குமா?" என்பது போன்ற கேள்விகள் ஏற்கெனவே வந்திருக்கும். எந்தக் கேள்வி அதிகமோ அதற்கான பதில்தான் உங்கள் முதல் வரி. அவர்கள் சொன்ன வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் "லஞ்ச்" என்றால் நீங்களும் "லஞ்ச்" என்றே எழுதுங்கள், "மதிய உணவுத் தேவைகள்" வேண்டாம்.

ஒரு பயனைத்தான் முன்னால் வைக்க வேண்டும். லஞ்ச் பாக்ஸ், விரதம், பயணம், ஹாஸ்டல் என நாலும் ஒரே மெசேஜில் வந்தால் நாலும் மங்கிப்போகும். பட்டியலில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகள் அதிகம் என்றால் லஞ்ச் பாக்ஸ். புரட்டாசிக்கு ஒரு வாரம் முன் அனுப்புகிறீர்கள் என்றால் வெங்காயம், பூண்டு இல்லை என்பதை மேலே கொண்டுவரலாம்.

எல்லை தாண்டக் கூடாத இடம் ஒன்று உண்டு. பயன் என்றதும் பலருக்குக் கை தானாக ஆரோக்கியத்துக்குப் போய்விடுகிறது: சர்க்கரை குறையும், கொலஸ்ட்ரால் கரையும், மூட்டுவலி போகும் என்று. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் தடுக்கின்றன. சர்க்கரை நோய் உட்படப் பல நோய்களுக்குத் தீர்வு என்று மருந்தை விளம்பரப்படுத்துவதைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில்தானே அனுப்புகிறோம் என்பது சமாதானம் ஆகாது.

மெசேஜை எழுதுவது

போனில் நோட்டிஃபிகேஷன் வரும்போது முதல் ஒன்றிரண்டு வரிதான் கண்ணில் படும். மெசேஜ் நீண்டால் மீதி Read more என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். முதல் வரியில் "அனைவருக்கும் இனிய வணக்கம், உங்கள் பேராதரவோடு வெற்றிகரமாக..." என்று இருந்தால் படிப்பவருக்கு அது மட்டும்தான் தெரியும். வணக்கம் சொல்லுங்கள், ஆனால் இரண்டாவது வரியில் சொல்லுங்கள். நம் எடுத்துக்காட்டுக்கு இப்படி எழுதலாம்:

> சாதம் வடித்தால் போதும், 5 நிமிடத்தில் லஞ்ச் பாக்ஸுக்குப் புளியோதரை ரெடி.
>
> வணக்கம். நம்மிடம் பொடி வாங்குகிறவர்களுக்கு முதலில் சொல்கிறோம்: புளிக்காய்ச்சல் போட்டிருக்கிறோம். தாளிக்க வேண்டாம், தனியாக எண்ணெய் ஊற்ற வேண்டாம். சூடான சாதத்தில் ஆளுக்குக் குவித்த ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கிளறினால் சரி.
>
> 200 கிராம் பாட்டில், 8 பேருக்கு வரும். விலை ரூ.160, டெலிவரி சேர்த்து. வெங்காயம், பூண்டு இல்லை. வேர்க்கடலை இருக்கிறது.
>
> ஒரு பாட்டில் வேண்டும் என்றால் 1, இரண்டு வேண்டும் என்றால் 2 என்று மட்டும் பதில் அனுப்புங்கள். முகவரி நம்மிடம் இருக்கிறது. சனிக்கிழமை மாலைக்குள் வீட்டுக்கு வந்துவிடும். பணம் அப்போது கொடுத்தால் போதும்.
>
> இந்த வாரம் 40 பாட்டில். வெள்ளி இரவு வரை ஆர்டர் எடுக்கிறோம்.

இதில் சில இடங்களைக் கவனியுங்கள். முதல் வரியில் கடையின் பெயரோ பொருளின் பிராண்டோ இல்லை. அனுப்பியவர் யார் என்பது மேலேயே தெரிகிறது, மறுபடி சொல்வது வீண். "பொடி வாங்குகிறவர்களுக்கு முதலில்" என்பது உண்மையாக இருந்தால்தான் எழுத வேண்டும். ஊருக்கெல்லாம் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு அப்புறம் இதை அனுப்பினால் படிப்பவர் சிரிப்பார். வேர்க்கடலை இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. 40 பாட்டில் என்பதும் நிஜக் கணக்கு. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் "கடைசி 40" என்று அனுப்பினால் அந்த வரிக்கு மதிப்பே போய்விடும்.

விலையை மறைக்காதீர்கள். "விலைக்கு இன்பாக்ஸில் கேட்கவும்" என்றால் கேட்கிறவர்கள் குறைவு. கேட்டபின் வாங்காமல் விடுவது சங்கடம் என்று நினைத்துக் கேட்காமலே விடுகிறவர்கள் நிறைய. நம் ஊரில் இந்தச் சங்கடம் பெரிய விஷயம்.

கூடவே ஒரே ஒரு போட்டோ போதும். பாட்டிலைத் தனியாக நிற்க வைத்து எடுக்காமல், எவர்சில்வர் லஞ்ச் டப்பாவில் கிளறிய புளியோதரை, பக்கத்தில் அப்பளம், ஓரத்தில் பாட்டில் என்று எடுங்கள். ஜன்னலோர வெளிச்சம் இருந்தால் போதும். மெசேஜைப் போட்டோவின் கீழேயே கேப்ஷனாகப் போடுங்கள். தனித்தனியாக அனுப்பினால் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆர்டர்: ஒரு எண், ஒரு தட்டு

பழைய வாடிக்கையாளரிடம் விற்பதில் பெரிய வசதி, அவரைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதுதான். முகவரி தெரியும், எப்படிப் பணம் தருவார் என்று தெரியும். அப்படி இருக்கும்போது அவரிடம் கூகுள் ஃபார்ம் அனுப்பிப் பெயர், முகவரி, பின்கோடு எல்லாம் மறுபடி நிரப்பச் சொல்வதில் அர்த்தமில்லை. 1 அல்லது 2 என்று அடிப்பது வயதானவர்களுக்கும் வரும். பஸ்ஸில் நின்றுகொண்டே அடித்துவிடலாம்.

ஆனால் "1" என்று வந்ததோடு ஆர்டர் முடியவில்லை, உடனே ஒரு உறுதி போக வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் Quick replies என்று ஒரு வசதி உண்டு. ஒரு முறை எழுதிச் சேமித்துவிட்டால், அடுத்த முறை / அடித்துச் சின்னச் சொல்லைப் போட்டால் முழு வாக்கியமும் வந்துவிடும். இப்படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: "சரிங்க, புளிக்காய்ச்சல் 1 பாட்டில், ரூ.160. சனி மாலை, போன முறை கொடுத்த அதே முகவரிக்கு. மாற்றம் இருந்தால் சொல்லுங்க." வீடு மாறியவர் அப்போதே சொல்லிவிடுவார். "1" என்பதை "முதல் பொருள்" என்று புரிந்துகொண்டவரும் இங்கே பிடிபடுவார்.

உறுதி போன கையோடு அந்தச் சாட்டுக்கு New order என்று லேபிள் போடுங்கள். பாட்டில் கையில் கொடுத்து, பணம் வரவில்லை என்றால் Pending payment, வந்தால் Paid. இதெல்லாம் ஆப்பிலேயே இருப்பவைதான். 40 ஆர்டரை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. டெலிவரிக்குக் கிளம்பும்போது New order லேபிளைத் திறந்தால் பட்டியல் தயார். நோட்டில் எழுதுகிறவர் நோட்டிலேயே எழுதலாம், ஆனால் இரண்டிலும் பாதிப் பாதி வேண்டாம்.

யூபிஐயில் அனுப்புகிறேன் என்பவரிடம் ஸ்கிரீன்ஷாட் வந்ததும் கணக்கு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே Paid போடுங்கள். போலி ஸ்கிரீன்ஷாட் ஒருபக்கம் இருக்கட்டும், பழகிய வாடிக்கையாளர் அனுப்பிய பணமே சில நேரம் பாதியில் நின்று திரும்பிப் போயிருக்கும். அது அவருக்கே தெரிந்திருக்காது.

வெளியூர்க்காரர்களுக்கு இதே மெசேஜ் பொருந்தாது. சனி மாலை என்ற வாக்கு அங்கே செல்லாது, கூரியர் செலவு தனி, பணம் முன்னால் வாங்க வேண்டும். எண்ணெய் மேலே நிற்கும் பொருள் என்பதால் மூடிக்கு உள்ளே ஃபாயில் சீல் இல்லாமல் கூரியரில் அனுப்பினால் கசியும், லேபிள் ஊறும், அட்டைப்பெட்டி நாறும். சீல் போட்ட பாட்டிலைத் தலைகீழாக ஒரு இரவு வைத்துப் பார்த்துத் தேறிய பிறகு அவர்களுக்குத் தனி மெசேஜ் எழுதலாம். முதல் சுற்றில் உள்ளூர் மட்டும் போதும்.

வாங்கியவர் தங்கைக்கோ பக்கத்து வீட்டுக்கோ மெசேஜை அனுப்புவார். அந்தப் புது ஆளிடம் உங்கள் எண் இருக்காது. அவர்களுக்காக ஒரு இணைப்பு தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பின் Short link பகுதியிலேயே கிடைக்கும், கையாலும் எழுதலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=PULI
```

91க்குப் பிறகு உங்கள் பத்து இலக்க எண். முன்னால் + வேண்டாம், நடுவில் இடைவெளி, கோடு எதுவும் வேண்டாம். இதைத் தட்டினால் உங்கள் சாட் திறந்து, PULI என்று ஏற்கெனவே அடித்து நிற்கும், அவர் அனுப்பும் பொத்தானை அழுத்தினால் போதும். அங்கே தமிழிலும் எழுதலாம், ஆனால் இணைப்பு சதவீதக் குறிகளாக நீண்டு பார்க்கப் பயமுறுத்தும். இந்த இணைப்பை அறிவிப்பு மெசேஜிலேயே போடாதீர்கள். பழைய வாடிக்கையாளர் ஏற்கெனவே உங்கள் சாட்டில்தான் இருக்கிறார், அவருக்கு அது குழப்பம். யாருக்காவது சொல்கிறேன் என்று கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள்.

யாருக்கு, எப்போது, எப்படி அனுப்புவது

குரூப் வேண்டாம். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியும், ஒருவர் "போன தடவை பொடியில உப்பு ஜாஸ்தி" என்று சொன்னால் எல்லாரும் படிப்பார்கள், குட்மார்னிங் படங்கள் வேறு. பிராட்காஸ்ட் லிஸ்ட்தான் சரி. மெனுவில் New broadcast போட்டு ஆட்களைச் சேர்த்தால், ஒவ்வொருவருக்கும் தனி மெசேஜாகப் போகும், பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். சில கணக்குகளில் மாதத்துக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற வரம்பும் வரும், காட்டினால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான்: பிராட்காஸ்ட், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அவர் எண் உங்களிடம் இருந்தால் போதாது. அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து Info பார்த்தால் யாருக்குப் போனது, யார் படித்தார் என்று தெரியும். இரண்டு நாளாகியும் போய்ச் சேராத பட்டியலிலேயே ஒருவர் இருந்தால், பெரும்பாலும் அவர் உங்கள் எண்ணைச் சேமிக்கவில்லை. போனை அணைத்து வைத்திருக்கலாம் அல்லது பிளாக் செய்திருக்கலாம் என்பதும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குத் தனித்தனியாக, பெயர் சொல்லி அனுப்புங்கள். ஃபார்வர்டு செய்யாமல் காப்பி எடுத்து ஒட்டுங்கள், அப்போதுதான் பெயரைச் சேர்க்க முடியும். அடுத்த டெலிவரியில் "எண்ணைச் சேவ் பண்ணிக்கோங்க, புதுசா ஏதாவது போட்டா சொல்றோம்" என்று நேரில் ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பேர் அங்கேயே செய்துவிடுவார்கள்.

முதல் நாள் 300 பேருக்கும் அனுப்பாமல், கடந்த மூன்று மாதத்தில் வாங்கிய உள்ளூர்க்காரர்களில் ஒரு 50 பேருக்கு அனுப்புங்கள். 40 பாட்டிலை வைத்துக்கொண்டு 300 பேரிடம் சொன்னால், ஒன்று தீர்ந்துபோய்ப் பலருக்கு இல்லை என்று சொல்ல வேண்டிவரும், அல்லது அவசரத்தில் இரண்டாவது அடுப்பு போட்டுத் தண்ணீர் வற்றாமல் இறக்குவீர்கள். இன்னொரு காரணம், இந்த 50 பேரும் மெசேஜில் என்ன விட்டுப்போனது என்று காட்டிக்கொடுப்பார்கள். நாலு பேர் "காரம் எப்படி, குழந்தைங்க சாப்பிடுவாங்களா?" என்று கேட்டால் அடுத்த 50 பேருக்குப் போகும் மெசேஜில் "காரம் மிதம்" என்று ஒரு வரி சேருங்கள். யாருமே எதுவும் கேட்காமல், வாங்காமலும் இருந்தால் விலையைக் குறைக்க ஓடாதீர்கள். முதலில் Info பாருங்கள். படித்தவர்களே குறைவா, படித்தும் பதில் வரவில்லையா? படித்தவர் குறைவு என்றால் நேரமோ முதல் வரியோ சரியில்லை. படித்தும் பதில் இல்லை என்றால் நீங்கள் முன்னால் வைத்த பயன் அவர்களுடையது இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, லஞ்ச் பாக்ஸ் பற்றிய மெசேஜைக் காலை ஏழு மணிக்கு அனுப்புவது பொருத்தம்போலத் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் யாரும் போனைத் தொடமாட்டார்கள். வியாழன் மாலை அனுப்பினால் வெள்ளி வரை ஆர்டர் வரும், சனி கையில் கிடைக்கும், ஞாயிறு வீட்டில் ருசி பார்ப்பார்கள், திங்கள் டப்பாவுக்குப் போகும்.

அனுப்பிய பிறகு

40 முடிந்ததும் அப்புறம் "1" அனுப்புகிறவருக்கு மௌனம் வேண்டாம். "இந்த வாரம் தீர்ந்துவிட்டதுங்க, அடுத்த சனி உங்களுக்கு ஒன்று எடுத்து வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார், அது அடுத்த வாரத்தின் முதல் ஆர்டர். "இனி இதெல்லாம் அனுப்ப வேண்டாம்" என்று யாராவது சொன்னால் உடனே லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்துவிட்டோம் என்று சொல்லுங்கள். கோபத்தில் நாலு பேர் பிளாக் செய்து ரிப்போர்ட் அடித்தால் வாட்ஸ்அப் உங்கள் எண்ணையே முடக்கிவிடக்கூடும், பொடி வியாபாரமும் சேர்ந்து நின்றுபோகும்.

படித்துவிட்டு எதுவும் சொல்லாதவர்களுக்கு ஒரே ஒரு நினைவூட்டல் போதும், அதுவும் பத்து நாள் கழித்து. அதே மெசேஜை மறுபடி அனுப்பாதீர்கள். அதற்குள் வாங்கியவர்களில் சிலர் ஏதாவது சொல்லியிருப்பார்கள். அதில் ஒன்றை, அவரிடம் கேட்டுக்கொண்டு, பெயர் போடாமல் முதல் வரியாக வைத்து, கீழே விலையையும் அதே 1, 2 ஏற்பாட்டையும் போட்டு அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லாதவரை விட்டுவிடலாம். அவர் அடுத்த முறை சாம்பார்ப்பொடி கேட்கும்போது உறுதி மெசேஜோடு, "புளிக்காய்ச்சலும் இருக்கு, ஒண்ணு சேர்த்து வைக்கட்டுமா?" என்று கேட்டால் சரி.